கூடுதல் ஒரு மணி நேரத்துக்கான கோப்பு

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் வாங்க என்ன சான்று வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே ஒரு காகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். உண்மையில் தேவைப்படுவது மூன்று. பிள்ளைக்கு எதில் சிரமம், எவ்வளவு சிரமம் என்று சோதித்து எழுதிய உளவியல் அறிக்கை ஒன்று. அந்தச் சிரமம் சட்டம் ஏற்கும் குறைபாடுதான் என்று அரசு மருத்துவக் குழு கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழ் இரண்டாவது. இந்தத் தேர்வில் இந்த மாணவருக்கு இன்ன சலுகை என்று தேர்வை நடத்தும் அமைப்பு தரும் அனுமதி மூன்றாவது. மூன்றையும் தருபவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒன்று கையில் இருந்தால் அடுத்தது தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் பல குடும்பங்கள் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மாதங்களில் அலைகின்றன.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் கற்றல் குறைபாட்டைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. புதிய சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' இடம்பெற்றது. வாசிப்பில் வரும் டிஸ்லெக்சியா, எழுத்தில் வரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா எல்லாம் அதற்குள் அடங்கும். சட்டத்தின் 17ஆவது பிரிவு கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே பள்ளி இதை இரக்கப்பட்டுத் தருவதில்லை. ஆனால் அந்த உரிமையைக் கேட்டுப் பெற வேண்டிய கோப்பில் எது இருக்க வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை. அதன் பின்னால் வந்த வழிகாட்டு நெறிமுறைகளில்தான் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அறிக்கை. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை ஒரு வரிசையைச் சொல்கிறது. மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில், எது முந்தியதோ அப்போது, பள்ளி ஆசிரியர்களே பிள்ளைகளை முதற்கட்டமாகப் பார்த்து ஐயம் உள்ளவர்களைப் பிரித்தெடுக்க வேண்டும். அப்படி அனுப்பப்படும் பிள்ளையைக் குழந்தை மருத்துவர் பரிசோதித்து, பார்வையிலோ கேட்பதிலோ நரம்பிலோ குறை இல்லை என்று உறுதி செய்வார். அடுத்து மருத்துவ உளவியலாளர் அல்லது மறுவாழ்வு உளவியலாளர் நுண்ணறிவு ஈவைச் சோதிப்பார். அது 85க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுக்கான சோதனை. அந்தச் சோதனைக்கு நெறிமுறை சொல்லும் முக்கியக் கருவி, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய தொகுப்பு. கவனம், வாசிப்பு, எழுத்துக்கூட்டல், புரிதல், கணக்கு, பார்த்து வரைதல், நினைவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் அது, பிள்ளை தன் வகுப்புக்கு எத்தனை வகுப்பு பின்தங்கியிருக்கிறது என்று காட்டும்.

இந்த 85 என்ற கோடு பல பிள்ளைகளின் வாழ்க்கையை அறுக்கிறது. 70க்கும் 84க்கும் இடையில் வரும் பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடு இல்லை என்பார்கள். கற்றல் குறைபாடும் இல்லை என்பார்கள். வாசிக்கத் தடுமாறுவது மட்டும் அப்படியே இருக்கும். நுண்ணறிவுச் சோதனையின் மொழிப் பகுதிகளில் சொல்வளமும் பொது அறிவும் எடை பெறுகின்றன. வாசிக்க முடியாத பிள்ளை ஆண்டுக்கணக்காக வாசிக்காமலே இருந்ததால் அங்கேயும் மதிப்பெண் இழக்கிறது. குறைபாட்டின் விளைவே குறைபாடு இல்லை என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. எனவே அறிக்கை கையில் வந்ததும் மொத்த எண்ணோடு நின்றுவிடாமல், மொழிப் பகுதிக்கும் செயல் பகுதிக்கும் தனித்தனி மதிப்பெண் தரப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செயல் பகுதியில் நன்றாகச் செய்த பிள்ளை மொத்தத்தில் 82 பெற்றிருந்தால், அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி மறுபரிசீலனை கேட்கலாம்.

ஒரு மாணவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. வயது 14, ஒன்பதாம் வகுப்பு, தமிழ்வழி, மாநிலப் பாடத்திட்டம். வாய்மொழியாகக் கேட்டால் பாடத்தைக் கோவையாகச் சொல்கிறாள். தேர்வில் தவறாமல் பாதியில் நிற்கிறாள். அவளுடைய அறிக்கை இப்படி முடிகிறது: நுண்ணறிவு ஈவு 98, வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் நான்காம் வகுப்பு நிலை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ளது, தேர்வில் கூடுதல் நேரம் பரிந்துரைக்கப்படுகிறது.

நோயறிதல் என்ற அளவில் இந்த அறிக்கையில் தவறில்லை. ஆனால் இதில் நேரம் எங்கேயும் அளக்கப்படவில்லை. கேட்கப்படுவது நேரம். அவள் எவ்வளவு மெதுவாக வாசிக்கிறாள், எவ்வளவு மெதுவாக எழுதுகிறாள், நேரம் கொடுத்தால் என்ன மாறுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த அறிக்கையில் பதில் இல்லை. நம் நாட்டில் எழுதப்படும் கற்றல் குறைபாட்டு அறிக்கைகளின் மிகப் பெரிய பலவீனம் இதுதான் என்பது என் துணிபு. 'பின்தங்கிய நிலை' என்பதும் 'வேகக் குறைவு' என்பதும் ஒன்றல்ல. இரண்டும் சேர்ந்தே வரலாம். ஆனால் தனித்தனியாக அளக்க வேண்டியவை.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டம் பல விதமாக ஒலிக்கும். அதனால் அங்கே டிஸ்லெக்சியா பிழைகளாக வெளிப்படும். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு அதைவிட நேரானது. 'கல்' என்பதிலும் 'பகல்' என்பதிலும் ககரம் வேறாக ஒலித்தாலும், அது வரும் இடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்படி ஒழுங்கான எழுத்துமுறை உள்ள ஜெர்மன், இத்தாலிய மொழிப் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, அவர்கள் கடைசியில் சரியாகவே வாசித்துவிடுகிறார்கள், ஆனால் மிக மெதுவாக வாசிக்கிறார்கள் என்பதுதான். தமிழ்ப் பிள்ளையிடமும் அதையே எதிர்பார்க்க வேண்டும். பிழைகளை மட்டும் எண்ணும் சோதனையில் அந்தப் பிள்ளை தேறிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தாலோ, வரும் மதிப்பெண் குறைபாட்டைக் காட்டுகிறதா, வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசாததைக் காட்டுகிறதா என்று பிரித்தறிய முடியாது. இந்திய மொழிகளுக்கென்று மானேசரின் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'டாலி' என்ற சோதனைக் கருவி முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில்தான் வந்தது. தமிழ்வழி மாணவியின் அறிக்கையில் எந்த மொழியில், எந்தப் பத்தியைக் கொண்டு சோதித்தார்கள் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உளவியலாளரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

நம் மாணவியின் அறிக்கையில் என்ன சேர வேண்டும்? ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து 100 சொற்கள் கொண்ட, அவள் முன்பு படிக்காத ஒரு பத்தியை உரக்க வாசிக்க 2 நிமிடம் 50 விநாடி ஆனது. பிழைகள் நான்கு மட்டுமே. பார்த்து எழுதும் வேகம் நிமிடத்துக்கு ஏழு சொல். பத்தியின் அடிப்படையில் கேட்ட பத்துக் கேள்விகளில், நேர வரம்போடு மூன்றுக்கும், நேர வரம்பின்றி எட்டுக்கும் சரியான விடை தந்தாள். இந்த மூன்று வரிகள்தான் கூடுதல் நேரத்துக்கான வாதம். கடைசி வரி இன்னும் முக்கியம்: விடை அவளிடம் இருக்கிறது, அது வெளியே வர நேரம்தான் போதவில்லை என்று அது காட்டிவிடுகிறது.

பிரிட்டனின் பள்ளித் தேர்வுகளில் இந்த இடம் எப்படிக் கையாளப்படுகிறது என்று பார்த்தால் வேறுபாடு தெரியும். அங்கே தேர்வு வாரியங்களின் கூட்டு அமைப்பு, டிஸ்லெக்சியா என்ற பெயரைக் கேட்பதைவிட வேகத்தின் அளவையே கேட்கிறது. சராசரி 100 என்று அமைந்த தரப்படுத்திய சோதனையில், வேலை செய்யும் வேகத்தைக் காட்டும் இரண்டு பகுதிகளில் 84 அல்லது அதற்குக் கீழ் வந்திருக்க வேண்டும். ஒன்று அப்படி இருந்து மற்றொன்று 85 முதல் 89 வரை இருந்தாலும் ஏற்கலாம். அதற்கு 25 விழுக்காடு கூடுதல் நேரம், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு 45 நிமிடம். அதோடு, வகுப்பிலும் அந்தப் பிள்ளை அப்படித்தான் வேலை செய்கிறது என்று பள்ளி எழுதித் தர வேண்டும். இந்தியாவில் பொதுவாகத் தரப்படுவது மணிக்கு 20 நிமிடம். தருவதில் நாம் தாராளம். அளப்பதில்தான் கவனம் போதவில்லை. அளவு இல்லாததால்தான் 'இந்தப் பிள்ளை நன்றாகத்தானே பேசுகிறது, எதற்கு ஒரு மணி நேரம்' என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டால் கோப்பு பதில் சொல்வதில்லை.

அந்தப் பதிலைத் தரக்கூடிய இடம் பள்ளி. செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. அரையாண்டுத் தேர்வில் மணி அடித்ததும் விடைத்தாளை வாங்காமல், மாணவியின் கையில் வேறு நிற மையுள்ள பேனாவைக் கொடுத்து, எழுதும்வரை எழுதவிட்டு, நிறுத்திய நேரத்தை ஓரத்தில் குறித்து ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். நம் மாணவியின் சமூக அறிவியல் தாளில், மணி அடித்தபோது 54 மதிப்பெண்ணுக்கான வினாக்களைத்தான் தொட்டிருந்தாள் என்று கொள்வோம். அடுத்த 40 நிமிடத்தில் பச்சை மையில் இன்னும் 27 மதிப்பெண்ணுக்கு எழுதினாள். அதில் பெரும்பகுதி சரி. இரண்டு மூன்று தேர்வுகளின் இப்படிப்பட்ட தாள்கள், அதே வகுப்பின் சராசரி மாணவர் ஒருவர் எப்போது முடித்தார் என்ற குறிப்போடு இருந்தால், எந்த உளவியல் அறிக்கையும் சொல்ல முடியாததை அவை சொல்லும்.

அந்தத் தாள் எதிர்மாறானதையும் சொல்லக்கூடும். பச்சை மையில் ஒன்றுமே சேரவில்லை, அல்லது எழுதியது வாசிக்க முடியாத கிறுக்கலாகவே இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளைக்குத் தேவை நேரம் அல்ல. வினாத்தாளை வாசித்துக் காட்டுபவரோ சொல்வதை எழுதுபவரோதான். கூடுதல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது பிள்ளைக்குத் தண்டனை. விண்ணப்பத்தில் எதைக் கேட்பது என்று முடிவு செய்வதற்கு முன்பே இதைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது காகிதம் சான்றிதழ். தனியார் உளவியலாளரின் அறிக்கை இதற்கு உள்ளீடுதான், மாற்று அல்ல. அந்த உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண் அறிக்கையின் அடியில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். 'ஆலோசகர்', 'பயிற்சியாளர்' என்று மட்டும் போட்டுத் தரப்படும் அறிக்கைகள் மருத்துவக் குழுவின் முன்னால் நிற்பதில்லை. சான்றிதழுக்கான விண்ணப்பம் யூடிஐடி இணையதளமான swavlambancard.gov.in வழியாகச் செல்கிறது. அரசு மருத்துவமனையின் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள ஒருவர் தலைமையில், குழந்தை மருத்துவர், உளவியலாளர், சிறப்பாசிரியர் போன்றோர் அடங்கிய குழு பார்க்கும்.

இங்கே தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கே உரிய ஒரு முட்டுக்கட்டை உண்டு. பள்ளிப் பதிவேட்டில் 'க. செல்வி', ஆதாரில் 'செல்வி கண்ணன்', உளவியல் அறிக்கையில் வெறும் 'செல்வி', பிறப்புச் சான்றில் ஆங்கிலத்தில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று முன்னெழுத்தும் பெயரும் காகிதத்துக்குக் காகிதம் மாறும். மூன்று அலுவலகங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் ஒப்பிடும்போது, இது ஒரே பிள்ளைதானா என்ற ஐயத்திலேயே விண்ணப்பம் திரும்பிவிடும். முதல் சோதனைக்குப் போகும் நாளிலேயே பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அப்படியே அறிக்கையில் எழுதச் சொல்வது நல்லது.

சான்றிதழில் வரும் விழுக்காடு இன்னொரு பெரிய சிக்கல். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் இடஒதுக்கீடு. ஆனால் வாசிப்புச் சிரமத்தை விழுக்காட்டில் எப்படிச் சொல்வது? மருத்துவப் படிப்புக்கான 2019ஆம் ஆண்டு விதிகளே, கற்றல் குறைபாட்டின் தீவிரத்தை அளக்கும் அளவுகோல் இப்போது இல்லை, ஆகவே 40 என்ற வரம்பு தன்னிச்சையானது என்று ஒப்புக்கொண்டன. மதிப்பீட்டு நெறிமுறைகள் 2024 மார்ச்சில் புதுப்பிக்கப்பட்டன. எது எப்படியிருந்தாலும், 40க்குக் கீழே குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதற்காகக் கூடுதல் நேரம் கேட்பதைக் கைவிடக் கூடாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிரமம் உள்ள ஒருவருக்குச் சொல்வதை எழுதுபவரை மறுத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 40 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கான அளவு, தேர்வு வசதிக்கான அளவு அல்ல என்றது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, 40க்குக் கீழே இருந்தும் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்குத் தனியான சான்றுப் படிவம் ஒன்றைத் தந்தது. அந்தச் சான்றின் மையம் விழுக்காடு அல்ல. இவருக்கு எழுதுவதில் வரம்பு இருக்கிறது என்ற ஒரு வாக்கியம். நரம்பு, எலும்பு, உளவியல் துறைகளைச் சேர்ந்தவர்கள் அடங்கிய குழு அதில் கையெழுத்திட வேண்டும். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் படிவத்தை அச்சிட்டு எடுத்துச் செல்வது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, அனுமதி. மாநிலப் பாடத்திட்டத்தில் விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகக் கல்வித் துறை அலுவலகத்துக்கும் அங்கிருந்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கும் செல்கிறது. மாணவர் பெயர்ப்பட்டியல் அனுப்பப்படும் காலத்திலேயே இதுவும் போய்விட வேண்டும். சிபிஎஸ்இயில் பள்ளியே வாரியத்தின் இணையதளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றுகிறது. மூன்று மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம், இரண்டரை மணிக்கு 50, இரண்டு மணிக்கு 40 என்று கூடுதல் நேரம் கணக்கிடப்படுகிறது. இரண்டிலும் பெற்றோர் நேராக அனுப்பும் கடிதத்துக்குப் பயன் குறைவு. பள்ளி அனுப்பியதற்கான ஒப்புகையின் நகலை வாங்கி வைத்துக்கொள்வதும், நுழைவுச்சீட்டு வந்ததும் சலுகை அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அன்றே பார்ப்பதும்தான் பெற்றோரின் வேலை.

கல்லூரிக்குப் போனதும் எல்லாம் மறுபடி தொடங்குகிறது. 2018 நெறிமுறைப்படி எட்டு வயதுக்குப் பிறகே சான்றிதழ். 14 வயதில் மறு சோதனை. 18 வயதில் மீண்டும் சோதனை. அப்போது பெறும் சான்று வாழ்நாளுக்குச் செல்லும். நம் மாணவி 14இல் பெற்றது 18இல் காலாவதியாகும். பதினேழரை வயதில் முதலாம் ஆண்டில் சேர்ந்தால், முதல் இரண்டு பருவத் தேர்வுகளுக்குள் அந்த நாள் வந்துவிடும். பள்ளியில் கிடைத்த அனுமதி பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய அனுமதி ஆணையை இணைத்தால், சிரமம் கல்லூரியில் திடீரென்று முளைக்கவில்லை என்பதற்கு அது நல்ல சான்று.

இந்தக் கட்டத்தில் ஒரு உள்முரண்பாடு இருக்கிறது. நிம்ஹான்ஸ் தொகுப்பின் மேல்நிலைப் பகுதி 8 முதல் 12 வயதுவரையிலான பிள்ளைகளுக்காக அமைக்கப்பட்டது. 18 வயதில் வாழ்நாள் சான்று தர அதையே வைத்துச் சோதித்தால், வளர்ந்த மாணவர் பலர் அதில் தேறிவிடுவார்கள். ஆண்டுக்கணக்கான பயிற்சியில் சரியாக வாசிக்கக் கற்றிருப்பார்கள். வேகம் மட்டும் வந்திருக்காது. பள்ளியில் சேர்த்துவைத்த பச்சை மை விடைத்தாள்களும், வேகம் அளந்த பழைய அறிக்கையும் மிகவும் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

மூன்று காகிதமும் சரியாக இருந்தும் தவறு நடக்கும். 2021 நீட் தேர்வில் அவ்னி பிரகாஷ் என்ற மாணவிக்கு டிஸ்கிராஃபியா. 40 விழுக்காடு என்ற சான்றும் இருந்தது. கூடுதல் ஒரு மணி நேரம் அவருடைய உரிமை. தேர்வு மையத்தில் இருந்தவர்களுக்கு விதி தெரியவில்லை. மற்றவர்களோடு சேர்த்து விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது அநீதி என்று சொல்லி, தேர்வு முகமை பரிகாரம் காண வேண்டும் என்றது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. இழந்த அந்த ஒரு மணி நேரம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

எனவே அனுமதி ஆணையின் நகலை இரண்டாக எடுத்துக்கொண்டு, தேர்வுக்கு முந்தைய நாளே மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரைப் பார்த்து ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். தாள் எத்தனை மணிக்குத் தொடங்கும், இந்த மாணவியிடம் எத்தனை மணிக்கு வாங்க வேண்டும் என்ற கடிகார நேரத்தை அந்த நகலிலேயே அவர் கையால் எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம். மற்றவர்கள் எழுந்து போகும் சத்தத்தில் அவள் எழுத வேண்டியிராமல் தனி அறை இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடலாம். இன்னொரு நகல் நுழைவுச்சீட்டோடு மாணவியிடம் இருக்கட்டும். மணி அடித்ததும் அறைக் கண்காணிப்பாளர் தாளைக் கேட்டால் எதைக் காட்ட வேண்டும், யாரை அழைக்கச் சொல்ல வேண்டும் என்பதை அவளுக்கு முன்கூட்டியே சொல்லி, ஒருமுறை சொல்லிப் பார்க்கவும் வைக்க வேண்டும்.